இருண்டு மங்கிய செல்ஃபியைச் சரிசெய்ய: இரண்டு நிமிட வீடியோவுக்கான உரை

நம் அறக்கட்டளையின் கல்வி உதவி விண்ணப்பத்துக்குப் பிள்ளைகள் தாங்களே செல்போனில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அருப்புக்கோட்டையிலிருந்தும் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வரும் படங்கள் பலவற்றில் முகம் இருண்டோ மங்கியோ இருக்கிறது. ஆள் அடையாளம் தெரியாத படத்தை நாங்கள் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. அதிலேயே சில நாட்கள் போய்விடுகின்றன. இதற்காகப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு வீடியோ தயாரிக்கிறோம். அதற்கு எழுதிய உரையின் சாரம் இது. பெற்றோரும் பிள்ளைகளுடன் உட்கார்ந்து செய்து பார்க்கலாம்.

வீடியோவில் எடுத்துக்கொண்ட படம், ஒரு பையன் மதிய வேளையில் திண்ணையையொட்டிய அறையில் வாசலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்த செல்ஃபி. பின்னால் வெயில் பளீரென்று அடிக்கிறது. கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொண்டதால் முகம் கறுத்துவிட்டது.

முதல் அரை நிமிடம் சோதனை. “தம்பி, எதையும் தொடுறதுக்கு முன்னாடி படத்தைப் பெருசாக்கி உன் புருவத்தைப் பாரு” என்று தொடங்குகிறோம். புருவ முடி ஓரளவு தனித்தனியாகத் தெரிந்தால் படத்தைக் காப்பாற்றலாம். முடியெல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி குழைந்திருந்தால் போனை முகத்துக்கு மிக அருகில் பிடித்திருக்கலாம். படம் முழுக்கப் பால் ஊற்றியது போல இருந்தால் லென்ஸில் விரல் எண்ணெய் படிந்திருக்கும். இருட்டைத் திருத்தலாம், பதியாத விவரத்தைத் திருத்தி வரவழைக்க முடியாது. அப்படிப்பட்ட படத்தைத் திரும்ப எடுப்பதே வழி.

அடுத்த அரை நிமிடம் வெளிச்சம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் Google Photos ஏற்கெனவே இருக்கிறது. படத்தைத் திறந்து Edit, பிறகு Adjust தொட வேண்டும். பிள்ளைகள் உடனே Brightness-ஐக் கூட்டுவார்கள். அது படம் முழுவதையும் சேர்த்து வெளுப்பாக்கும். வாசலும் வெள்ளைத் தொப்பியும் ஒரே வெள்ளையாகிவிடும். ஆகவே முதலில் Shadows. அது இருண்ட பகுதிகளை மட்டும் தூக்கும். இந்தப் படத்துக்கு 40 போதுமானதாக இருந்தது. அடுத்து Highlights-ஐ -20-க்குக் குறைத்ததும் வாசலின் கூச்சம் தணிந்தது. கடைசியாகத்தான் Brightness, அதுவும் 10 அளவுக்கு. வேறு படத்துக்கு எண்கள் மாறும், வரிசை மாறாது.

எங்கே நிறுத்துவது? கன்னத்திலும் தாடைக்குக் கீழும் பார்க்க வேண்டும். அங்கே மணல் தூவியது போல நிறப் புள்ளிகள் தெரிந்தால் அளவு மீறிவிட்டது. இருட்டில் கேமராவுக்குக் கிடைத்த ஒளி குறைவு. முகத்தைத் தூக்கும்போது அந்தப் புள்ளிகளும் சேர்ந்து எழும்பும். அவை அடங்கும்வரை Shadows-ஐக் குறைக்க வேண்டும். முகத்தின் நிறம் கண்ணாடியில் பார்க்கும் நிறமாகவே இருக்க வேண்டும். சிவப்பாக்கிக் காட்டுவது நம் நோக்கமல்ல. அழகுபடுத்தும் ஃபில்டர்கள் மச்சத்தையும் தழும்பையும் அழித்துவிடும். அடையாளத்துக்கு வேண்டியவையே அவைதான்.

மூன்றாம் பகுதி Sharpen. இது ஓரங்களில் உள்ள ஒளி வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். 15 முதல் 20 வரை போதும். காதைச் சுற்றியோ தொப்பி விளிம்பிலோ வெள்ளைக் கோடு தெரிந்தால் குறைக்க வேண்டும். மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் சில செயலிகள் கண்ணையும் மூக்கையும் ஊகித்து வரைகின்றன. அந்த முகம் பிள்ளையின் முகம் ஆகாது.

முடிவில் Save copy. மூலப்படம் அப்படியே இருக்கும், தவறினால் மறுபடி தொடங்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தரம் குறையும். Document வழியாக அனுப்பினால் குறையாது.

கடைசி அரை நிமிடத்தில் அதே பையனைத் திரும்பவும் படம் எடுக்கிறோம். லென்ஸைப் பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, நேர்வெயில் படாத நிழலில், முகம் வாசலைப் பார்க்க நிற்கிறான். முழங்கையைச் சுவரில் ஊன்றி, போனைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, 3 விநாடி டைமர் வைக்கிறான். இப்படி எடுத்த படத்தில் Shadows-க்கு 10-கூடத் தேவைப்படவில்லை.

ஒன்றைக் கவனத்தில் கொள்ளவும். இந்தத் திருத்தம் நம் விண்ணப்பத்துக்கும் குடும்பப் படங்களுக்கும்தான். பாஸ்போர்ட்டுக்குக் கணினியிலோ போனிலோ திருத்திய படம் கொடுக்கக் கூடாது. அதற்கு ஸ்டுடியோவில் எடுத்துக்கொள்ளுங்கள்.