போலராய்டு என்ற பெயரை வாங்கியவர்கள்

போலராய்டு என்று பெயர் போட்ட கேமரா இன்றும் விற்பனையில் இருக்கிறது. போலராய்டு என்று பெயர் போட்ட கறுப்புக் கண்ணாடியும் இருக்கிறது. பெயர் ஒன்றுதான் என்றாலும் முதலாளிகள் வேறு வேறு. கண்ணாடி இத்தாலியின் சாஃபிலோ குழுமத்துடையது. கேமரா, ஐரோப்பாவில் முதலில் வேறொரு பெயரில் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்துடையது. 1937-இல் அமெரிக்காவில் எட்வின் லேண்ட் தொடங்கிய போலராய்டு கார்ப்பரேஷன் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முடிந்துபோன கதை. கம்பெனி போன பிறகும் பெயர் எப்படித் தனியாக உயிரோடு இருக்கிறது, அது கைமாறும்போது கூடவே எது போகிறது, எது போவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள போலராய்டை விட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். ஏழே வருடத்தில் இரண்டு முறை திவாலான பெயர் அது.

முதலில் ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒரு கம்பெனி திவால் மனு போட்ட அன்றே அதன் பிராண்டு பறிபோய்விடாது. பெயர் கம்பெனியிடமேதான் இருக்கும். ஆனால் அதை இஷ்டப்படி விற்க முடியாது. நிலம், எந்திரம், கிடங்கில் கிடக்கும் சரக்கு போல வணிகச் சின்னமும் ஒரு சொத்து. அதை விற்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். வரும் பணம் கடன் கொடுத்தவர்களுக்கு வரிசைப்படி போகும். எந்த வங்கியாவது அந்தச் சின்னத்தையே அடமானமாகப் பிடித்திருந்தால் முதல் பங்கு அந்த வங்கிக்கு. பங்குதாரர்கள் வரிசையின் கடைசியில் நிற்பார்கள். பெரும்பாலும் அவர்கள் முறை வருவதற்குள் பணம் தீர்ந்துவிடும்.

2001 அக்டோபரில் போலராய்டு மனு போட்டபோது அதன் கடன் 90 கோடி டாலருக்கு மேல். டிஜிட்டல் கேமரா வந்து ஃபிலிம் வியாபாரத்தைத் தின்றுகொண்டிருந்தது. வட்டி கட்ட வழியில்லை. அமெரிக்கத் திவால் சட்டத்தின் 363-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன்படி, கம்பெனியின் சொத்துகளை அவற்றின் மேல் இருக்கும் கடன், அடமானம், வழக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நீதிமன்றமே விற்க அனுமதிக்கலாம். வில்லங்கம் பார்க்காமல் யாரும் மனை வாங்க மாட்டார்கள் அல்லவா? இங்கே நீதிபதியின் உத்தரவே வில்லங்கத்தைத் துடைத்துக் கொடுக்கிறது. ஏலத்துக்கு ஆள் வருவதே அதனால்தான். பழைய கடன் கழுத்தைப் பிடிக்கும் என்றால் யார் வாங்குவார்கள்?

2002-இல் ஒன் எக்விட்டி பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 25.5 கோடி டாலருக்குப் போலராய்டின் வியாபாரத்தை வாங்கியது. அது வாங்கியது சொத்துகளை. பழைய கம்பெனியை அல்ல. மொத்தக் கதையின் கணக்கும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. பெயர், தொழில்நுட்பம், தொழிற்சாலைகள் எல்லாம் புதிதாக உருவாக்கப்பட்ட ஒரு கம்பெனிக்குப் போயின. அந்தப் புதிய கம்பெனி தன்னைப் போலராய்டு கார்ப்பரேஷன் என்று அழைத்துக்கொண்டது. எட்வின் லேண்டின் அசல் கம்பெனிக்குச் சொந்தப் பெயரே இல்லாமல் போயிற்று. அது பிரைமரி பி.டி.சி. என்று யாருக்கும் தெரியாத ஒரு பெயரை வைத்துக்கொண்டு, கடன்களோடும் வழக்குகளோடும் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தது.

பெயர் ஒரு பக்கமும் பொறுப்பு மறுபக்கமும் போனதன் விலையைக் கொடுத்தவர்கள் ஊழியர்கள். ஓய்வு பெற்றவர்களின் மருத்துவக் காப்பீடும் ஆயுள் காப்பீடும் நின்றன. ஓய்வூதிய நிதியை அமெரிக்க அரசின் காப்பீட்டு அமைப்பு ஏற்க வேண்டி வந்தது. சம்பளத்தில் பிடித்துச் சேர்த்து வைத்த கம்பெனிப் பங்குகள் காசுக்கு உதவவில்லை. கடைசியில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஆளுக்கு 47 டாலர் என்று காசோலை வந்தது. 2005-இல் பீட்டர்ஸ் குழுமம், பெயரோடு கூடிய புதிய போலராய்டை 42.6 கோடி டாலருக்கு வாங்கியது. சட்டப்படி இதில் தவறேதும் இல்லை. ஆனால் கேமராப் பெட்டியின் மேல் இருந்த அந்தப் பெயருக்கு மதிப்பைச் சேர்த்தவர்கள் யார் என்று கேட்டால், விற்றுச் சம்பாதித்தவர்கள் அல்ல என்பதுதான் பதில்.

அடுத்த மூன்று வருடத்தில் போலராய்டு என்ற பெயர் தட்டைத் திரை டிவிகளிலும் டி.வி.டி. பிளேயர்களிலும் ஒட்டப்பட்டது. 2008 பிப்ரவரியில் உடனடி ஃபிலிம் தயாரிப்பையே நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பீட்டர்ஸ் குழுமத்தில் மத்தியப் புலனாய்வு அதிகாரிகள் சோதனை போட்டார்கள். உரிமையாளர் டாம் பீட்டர்ஸ் 300 கோடி டாலருக்கு மேல் மோசடி செய்தது வெளிவந்தது. பின்னர் அவருக்கு 50 ஆண்டுச் சிறை. முதலாளி விழுந்ததில் போலராய்டும் டிசம்பரில் இரண்டாவது முறை திவால் மனு போட்டது.

இந்த முறை ஏலத்தில் விற்க மிச்சம் இருந்தது பெரும்பாலும் பெயர்தான். 2009 ஏப்ரலில் ஹில்கோ, கார்டன் பிரதர்ஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து 9 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து வாங்கின. இரண்டுமே கேமரா தயாரிப்பவை அல்ல. மூடப்படும் கடைகளின் சரக்கைத் தீர்த்துக்கொடுப்பதில் பெயர் வாங்கியவை. அவர்கள் கணக்கு எளிது: தொழிற்சாலை வேண்டாம், ஆட்கள் வேண்டாம். பெயரை வைத்துக்கொண்டு யார் தயாரித்தாலும் உரிமத் தொகை வாங்கிக்கொள்ளலாம். இன்று உலகச் சந்தையில் பழைய பெயர்கள் பலவும் ஓடுவது இப்படித்தான்.

தொழிற்சாலை என்ன ஆயிற்று? நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த கடைசி ஃபிலிம் தொழிற்சாலையின் எந்திரங்களை உடைத்துப்போட இருந்த நேரத்தில், 2008-இல், ஃப்ளோரியன் காப்ஸ், ஆந்த்ரே போஸ்மான் என்ற இருவர் அவற்றை வாங்கினார்கள். போஸ்மான் அங்கேயே வேலை பார்த்தவர் என்பதால் எந்திரம் தெரியும். ஆனால் ஃபிலிமுக்கான ரசாயனங்கள் பலவற்றைத் தயாரிப்பதையே சப்ளையர்கள் நிறுத்தியிருந்தார்கள். கலவையைப் புதிதாகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2010-இல் வந்த முதல் ஃபிலிம்கள், கேமராவிலிருந்து வெளியே வரும் நொடியில் கையால் மறைத்து வெளிச்சம் படாமல் காப்பாற்ற வேண்டிய அளவுக்குச் சங்கடமானவை. பெயர் பிரச்சினை அதைவிடப் பெரியது. போலராய்டின் எந்திரத்தில், போலராய்டு கேமராவுக்காகவே செய்த ஃபிலிமை அவர்கள் போலராய்டு என்று விற்க முடியாது. இம்பாஸிபிள் என்ற பெயரில்தான் விற்றார்கள்.

ஆக, சில வருடங்கள் பெயர் வைத்திருந்தவர்களிடம் ஃபிலிம் தொழிற்சாலை இல்லை, தொழிற்சாலை வைத்திருந்தவர்களிடம் பெயர் இல்லை. 2017-இல் இம்பாஸிபிளின் பெரிய பங்குதாரர், பெயரை வைத்திருந்த நிறுவனத்தையே வாங்கினார். பிறகு இம்பாஸிபிள் முதலில் போலராய்டு ஒரிஜினல்ஸ் ஆகி, 2020-இல் வெறும் போலராய்டு ஆயிற்று. இப்படிப் பிரிந்தது மறுபடி சேர்வது அபூர்வம்.

எல்லாப் பெயருக்கும் ஏலத்தில் ஆள் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் தன் சின்னங்களை வங்கிகளிடம் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தது. விமானங்கள் 2012-இல் நின்றன. 2016 ஏப்ரலில் அந்தச் சின்னங்களை 366.70 கோடி ரூபாய் குறைந்தபட்ச விலை வைத்து ஏலத்துக்கு விட்டார்கள். ஒருவரும் வரவில்லை. காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. கிங்ஃபிஷர் என்றதும் நினைவுக்கு வரும் பீர், வேறொரு நிறுவனமான யுனைடெட் புரூவரீஸுடையது. அதை அடமானக்காரர்கள் தொட முடியாது. மிச்சம் இருந்தது பறக்காத ஒரு விமான நிறுவனத்தின் பெயரும், சம்பளம் கிடைக்காத ஊழியர்களின் கோபமும். ஃபிலிம் நின்ற பிறகும் போலராய்டின் மேல் ஜனங்களுக்குப் பிரியம் இருந்தது. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸுக்கு அது இல்லை. அடமானம் பிடிக்கும்போது ஒரு பிராண்டுக்குப் போடும் மதிப்பு, தொழில் ஓடிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் போடும் மதிப்பு.

திவாலான கம்பெனியிடம் ஏற்கெனவே உரிமம் வாங்கி அந்தப் பெயரில் பொருள் விற்றுக்கொண்டிருந்தவர் கதி என்ன? அமெரிக்காவில் இதற்கு வெகுகாலம் தெளிவான பதில் இல்லை. கூல்கோர் என்ற பெயரில், உடல் சூட்டைக் குறைக்கும் துணி வகைகளை விற்ற டெம்ப்னாலஜி என்ற நிறுவனம் 2015-இல் திவாலாகி, மிஷன் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த உரிமத்தை இனி ஏற்க மாட்டோம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தத்தைக் கைகழுவுவது வேறு, கொடுத்த உரிமையைப் பிடுங்குவது வேறு. கைகழுவினாலும் உரிமம் வாங்கியவர் பெயரைப் பயன்படுத்தும் உரிமை ஒப்பந்தப்படி தொடரும் என்று 2019 மே மாதம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது.

வாங்குபவருக்கு இதெல்லாம் எங்கே உறைக்கும் என்றால் வாரண்டியில். பழைய கம்பெனி கொடுத்த வாரண்டியைப் பெயர் வாங்கியவர் ஏற்பதாக விற்பனை ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு. இல்லையென்றால் உங்கள் கோரிக்கை பழைய கம்பெனியின் கடன்காரர் வரிசையில் ஒன்று. முன்பணம், பரிசுக் கூப்பன் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். புதிய முதலாளி சிலசமயம் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தானாகவே ஏற்பதும் உண்டு. அது அவர் வியாபாரக் கணக்கு. அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

பழக்கமான பெயர் ஒன்று திடீரென்று சம்பந்தமில்லாத பொருளில், சம்பந்தமில்லாத விலையில் தென்பட்டால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் பொட்டலப் பொருளில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். உரிமத்தின் பேரில் தயாரித்தது என்று சின்ன எழுத்தில் இருந்தால், பிராண்டுக்காரர் வேறு, பொருளைச் செய்தவர் வேறு என்று அர்த்தம். சின்னம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை ipindia.gov.in தளத்தில் வணிகச் சின்னத் தேடலில் இலவசமாகவே பார்க்கலாம். ஒரே பெயர் வெவ்வேறு பொருள் வகுப்புகளில் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கக்கூடும் என்பதால், நீங்கள் வாங்கும் பொருளின் வகுப்பையும் சேர்த்துப் பாருங்கள். பழுதானால் போன் செய்ய வேண்டியது பெட்டியில் முகவரி உள்ள ஆளுக்கு.