ஐம்பத்தைந்து வயதில் வீட்டுக் கடன்: முன்கூட்டியே அடைப்பதா, சேமிப்பதா?

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் மச்சான் ஒரு பைலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தாத்தாவின் கணவர் அவர். தனியார் கம்பனி ஒன்றில் களஞ்சியப் பொறுப்பாளர். 55 வயது முடிந்துவிட்டது.

"நீ கணக்குப் படிப்பிக்கிறவன்தானே, இதைப் பார்த்துச் சொல்லு. ஈ.பி.எப். காசை எடுத்து வீட்டுக் கடனை ஒரேயடியா முடிச்சிடவா? கடனோட மௌத்தாகிடக் கூடாது" என்றார்.

இதே கேள்வியை இப்போது பலர் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். ஆனால் 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஆகக் குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியது. ஆகவே சம்பளமும் வந்துகொண்டிருக்க, சேமலாப நிதியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஐந்து வருடங்கள் மச்சான் போன்றவர்களுக்குக் கிடைத்திருக்கின்றன. வீட்டுக் கடனின் கடைசி வருடங்களும் பெரும்பாலும் இதற்குள்தான் வருகின்றன.

மச்சானின் நிலைமை இது. கடன் மீதி 15 இலட்சம், வட்டி 13 வீதம், இன்னும் 60 மாதம், மாதத் தவணை ஏறத்தாழ 34,130 ரூபா. சேமலாப நிதியில் 38 இலட்சம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புச் செலவு குறைந்துவிட்டதால் மாதம் 25,000 ரூபா மிஞ்சுகிறது. கையில் வேறு சேமிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை.

சேமலாப நிதியைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்த நிதி 2020 முதல் 2022 வரை வருடத்திற்கு 9 வீதம் கொடுத்தது, 2023 இல் 13 வீதம். கடனின் 13 வீதத்தோடு ஒப்பிட்டால் கடனை அடைப்பதுதான் இலாபம் போலத் தெரியும். ஆனால் 38 இலட்சம் கைக்கு வந்து 15 இலட்சம் வங்கிக்குப் போனால் மீதி 23 இலட்சம் என்னாகும்? இளைய மகளின் கலியாணம் வருகிறது. மாடிக்குக் கூரை போட வேண்டும் என்று தாத்தா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தனியார் துறையில் வேலை பார்த்தவருக்கு என்னைப் போல மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. அந்த 38 இலட்சம்தான் அவருடைய ஓய்வூதியம்.

உண்மையான கேள்வி அந்த மாதம் 25,000 பற்றியது. அதைக் கடனுக்குக் கட்டுவதா, சேமிப்பதா?

சேமித்தால், இஸ்லாமிய வங்கிக் கணக்கொன்றில் வருடம் 8 வீதம் இலாபம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 60 மாத முடிவில் ஏறக்குறைய 18 இலட்சத்து 37 ஆயிரம் சேரும். அதே நேரத்தில் கடனும் வழமைபோல முடியும். மாறாக, 25,000 ரூபாவைத் தவணையோடு சேர்த்து 59,130 ஆகக் கட்டினால் கடன் 30 மாதத்தில் முடிந்துவிடும். பிறகு அந்த 59,130 ரூபாவை மற்ற 30 மாதமும் அதே 8 வீதத்தில் சேமித்தால் 19 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல் சேரும். வித்தியாசம் ஒரு இலட்சத்துக்கும் சற்று அதிகம். ஆக, கடனை அடைப்பதே மேல். ஆனால் கடன் முடிந்த பிறகு 59,130 ரூபாவையும் தவறாமல் சேமித்தால்தான் இந்தக் கணக்குச் சரிவரும். கடன் முடிந்த மாதமே புது மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் போட்டால் கணக்குக் கவிழ்ந்துவிடும்.

எப்போது அடைக்கிறோம் என்பதும் முக்கியம். வட்டி மீதித் தொகைக்குத்தான் போடப்படுகிறது. மச்சானின் கடனில் வரும் 12 மாதத்துக்கான வட்டி ஏறக்குறைய 1 இலட்சத்து 82 ஆயிரம். கடைசி வருடத்தின் வட்டி மொத்தமே 27 ஆயிரம் அளவுதான். 59 வயதில் பெரிய தொகையைக் கொண்டுபோய்க் கொட்டிக் கடனை முடிப்பவர், அந்தச் சின்ன வட்டியை மிச்சம் பிடிக்கத் தன் கைக்காசை எல்லாம் கொடுக்கிறார். அந்த நேரத்தில் தவணையைக் கட்டிக்கொண்டு காசைக் கையில் வைத்திருப்பதே நல்லது.

வட்டி வீதத்தையும் பார்க்க வேண்டும். என்னுடையது அரச ஊழியருக்கான சலுகை வீதக் கடன். நான் ஒரு ரூபாவும் கூடுதலாகக் கட்டுவதில்லை. மச்சானுடையது மாறும் வீதம். 2022 இல் சந்தை வட்டி ஏறியபோது அவருடைய தவணையும் ஏறியதை வீட்டில் எல்லோரும் பார்த்தோம்.

ஆனாலும் முதல் மாதத்திலிருந்தே கடனுக்குக் கட்டச் சொல்லவில்லை. சுவருக்குள் போன காசு அவசரத்துக்குத் திரும்பி வராது. 57 வயதில் நெஞ்சுவலி வந்தால் "நான் முன்கூட்டியே கட்டினேனே, கொஞ்சம் திருப்பித் தாருங்கள்" என்று வங்கியிடம் கேட்க முடியாது. எனவே முதல் எட்டு மாதம் 25,000 ரூபாவையும் சேர்த்து, 2 இலட்சத்தை எடுக்கக்கூடிய கணக்கில் வைத்துவிட்டு, அதன் பிறகு கடனுக்குக் கட்டச் சொன்னேன். அப்படிச் செய்தால் கடன் 35 ஆவது மாதத்தில் முடியும். சம்பளம் வரும் 25 மாதம் அப்போதும் மீதியிருக்கும்.

மௌத்தைப் பற்றிய பயத்துக்கும் பைலிலேயே பதில் இருந்தது. கடன் எடுத்தபோது கட்டிய காப்புறுதிப் பத்திரம் அது. அவர் இடையில் மௌத்தானால் கடன் மீதியைக் காப்புறுதி அடைக்கும். சேமித்த காசு குடும்பத்துக்கு மிஞ்சும். உங்கள் பத்திரம் கடன் முடியும் திகதி வரைக்கும் செல்லுமா என்று மட்டும் பாருங்கள். வட்டியில் இருந்து சீக்கிரம் வெளியேற வேண்டும் என்ற மார்க்க ரீதியான கவலை வேறு. அதற்கு நான் கணக்கால் பதில் சொல்ல முடியாது. அதை மதிக்கிறேன், அவ்வளவுதான்.

வங்கியில் தவறு நடப்பது இன்னொரு இடத்தில். கூடுதல் காசை வெறுமனே கணக்கில் போட்டால், அதை அடுத்த மாதத் தவணைக்கான முற்பணமாக வைத்துக்கொள்வதுண்டு. அப்படியென்றால் வட்டி குறையாது. "இந்தத் தொகையை முதலில் கழிக்கவும், மாதத் தவணையைக் குறைக்காமல் கடன் காலத்தைக் குறைக்கவும்" என்று கடிதம் கொடுத்து, பிரதியில் சீல் வாங்க வேண்டும். அடுத்த கூற்றில் முதல் மீதி அந்தத் தொகையால் குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் அறவிடுவார்களா என்பதையும் கடன் ஒப்பந்தத்தில் பாருங்கள். மச்சானுடையதில் பகுதியாகக் கட்டக் கட்டணம் இல்லை, முழுதாக முடிக்கத்தான் இருந்தது.

இஸ்லாமிய வங்கியில் வீடு எடுத்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. குறைந்து செல்லும் முஷாரகா என்றால், கூடுதலாகக் கட்டும் காசு வீட்டில் வங்கியின் பங்கை வாங்குகிறது, அதற்கேற்ப வாடகையும் குறையும். முராபஹா என்றால் விற்பனை விலை முதல் நாளே முடிவானது. முன்கூட்டியே கட்டினால் கழிவு தருவது பொதுவாக வங்கியின் விருப்பம், உங்கள் உரிமையல்ல. கட்டுவதற்கு முன் எவ்வளவு கழிவு என்று எழுத்தில் கேளுங்கள். கழிவு இல்லையென்றால் சேமிப்பதே சரி.

மச்சான் இப்போது மூன்றாவது மாதச் சேமிப்பில் இருக்கிறார். கடன் முடிந்ததும் வங்கியிடம் இருந்து உறுதியைக் கேட்டு வாங்கி, ஈட்டு விடுவிப்பைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும் என்பதையும் பைலின் மேலட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாத்தாவின் கூரைக்கு எந்த மாதம் என்று அவர் இன்னும் சொல்லவில்லை.