பித்தநீரைப் பிடிக்கும் பொடி: மற்ற மாத்திரைகளோடு ஏன் சேர்க்கக்கூடாது?

உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மருந்துச் சீட்டுகளில், கொழுப்புக்கு என்று இருப்பது பெரும்பாலும் ஸ்டாட்டின் மாத்திரைதான். எப்போதாவது ஒரு சீட்டில் 'கொலஸ்டிரமின்' என்ற பொடி பாக்கெட் இருக்கும். "இது என்ன புது மருந்து?" என்று கேட்கிறார்கள். உண்மையில் இது ஸ்டாட்டினுக்கு மூத்தது.

நம் கல்லீரல் கொலஸ்டிராலைக் கொண்டுதான் பித்த அமிலத்தைத் தயாரிக்கிறது. அது குடலுக்கு வந்து, சாப்பாட்டிலுள்ள கொழுப்பைக் கரைத்துவிட்டு, ஏறக்குறைய முழுவதுமாகக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். இந்தப் பொடி குடலிலேயே பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. ஈடுகட்ட கல்லீரல் புதிதாகத் தயாரிக்க வேண்டும். அதற்கான கொலஸ்டிராலை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்வதால் கெட்ட கொழுப்பு குறைகிறது. பொடி மட்டும் ரத்தத்தில் சேர்வதே இல்லை.

1984-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கொழுப்பு அதிகமுள்ள 3,806 ஆண்களில் பாதிப் பேருக்கு இந்தப் பொடியும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலிப் பொடியும் சராசரியாக 7 ஆண்டுகளுக்கு மேல் கொடுக்கப்பட்டன. பொடி சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பும் இதயநோய் மரணமும் சேர்த்து 19 சதவீதம் குறைந்தன. கொழுப்பைக் குறைத்தால் இதயம் தப்பும் என்பதற்கு அப்போது கிடைத்த பெரிய சான்று அது. ஆனால் நிர்ணயித்த அளவு ஒரு நாளைக்கு 24 கிராம், அதாவது 4 கிராம் மருந்துள்ள பாக்கெட் ஆறு! 1987-இல் முதல் ஸ்டாட்டின் விற்பனைக்கு வந்ததும் பொடி பின்னுக்குப் போனது. இன்று ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், அது போதாதவர்களுக்கும் துணை மருந்தாக எழுதுகிறார்கள். பித்தநீர் தேக்கத்தால் வரும் அரிப்புக்கும் இதையே தருவதுண்டு.

வயிற்றுத் தொல்லைதான் இதன் பெரிய குறை. மலச்சிக்கல், உப்புசம், வாயு, நெஞ்செரிச்சல் எல்லாம் வரலாம். அதே ஆய்வில் முதல் ஆண்டு 68 சதவீதம் பேர் வயிற்றுக் கோளாறு ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள்; போலிப் பொடி சாப்பிட்டவர்களிலும் 43 சதவீதம் பேர் சொன்னார்கள். ஏழாம் ஆண்டில் இரு பக்கமும் முப்பதுக்குக் கீழே இறங்கி, ஏறக்குறைய சமமாகிவிட்டது. ஆகவே முதல் மாதத்திலேயே பயந்து நிறுத்திவிட வேண்டாம். மருத்துவர் ஒரு பாக்கெட்டில் தொடங்கி மெல்ல ஏற்றுவதும் இதற்காகத்தான். பொடியை ஒருபோதும் உலர்ந்தபடி வாயில் போடக்கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, சாப்பாட்டு நேரத்தில் குடித்துவிட்டு, அடியில் தங்குவதையும் தண்ணீர் ஊற்றி அலசிக் குடிக்க வேண்டும். கீரையும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். மலம் இறுகி ரத்தம் வந்தால், வயிறு வீங்கி வாந்தி வந்தால், உடனே மருத்துவரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு 400-க்கு மேல் உள்ளவர்களுக்கு இது ஆகாது. அதை இன்னும் ஏற்றிவிடும். சில பாக்கெட்டுகளில் சர்க்கரை சேர்ந்திருக்கும், நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்கவும்.

பித்த அமிலத்தைப் பிடிக்கும் பொடி, அதே நேரத்தில் குடலுக்கு வரும் மாத்திரையையும் பிடித்துக்கொள்ளும். அந்த மாத்திரை சாப்பிட்டும் சாப்பிடாததற்குச் சமம். பொதுவான கணக்கு: மற்ற மாத்திரைகளைப் பொடிக்கு ஒரு மணி நேரம் முன்போ, பொடி குடித்து 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ போட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு முன்பக்கமும் 4 மணி நேரம் வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின், இதயத்துக்கான டிகாக்சின் போன்றவற்றில் மருத்துவரைக் கேட்காமல் பொடியைத் தொடங்கவே கூடாது.

தைராய்டு, பிரஷர், ஸ்டாட்டின் மூன்றும் போடும் ஒரு தாயாரை வைத்துப் பார்ப்போம். காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. 8 மணிக்குப் பசியாறும்போது மற்ற இரண்டும். அட்டோர்வாஸ்டாட்டினை இரவில்தான் போட வேண்டும் என்பதில்லை. பகல் 1 மணிக்குச் சாப்பாட்டோடு பொடி. இரவு மாத்திரை ஏதும் இருந்தால் 7 மணிக்கு மேல். மூன்றையும் காலையிலேயே பொடியோடு சேர்த்து விழுங்கினால் என்ன ஆகும்? சில வாரங்களில் அசதி, உடல் கனம், மலச்சிக்கல் தெரியும். மலச்சிக்கல் பொடியால் என்று நினைத்துவிடுவோம், டி.எஸ்.எச். பரிசோதனை செய்தால்தான் தைராய்டு மருந்து உடம்பில் சேரவில்லை என்பது தெரியும்.

ரமளானில் இடைவெளிக்குக் கிடைப்பது இரவு மட்டும்தான். மாலை 6.30 வாக்கில் நோன்பு திறந்து கஞ்சியோடு பிரஷர் மாத்திரையும் ஸ்டாட்டினும், 8.30 மணிச் சாப்பாட்டோடு பொடி, 3.30-க்கு எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, 4.15-க்கு சஹர். ஒரு வேளைப் பொடி இப்படி அடங்கிவிடும். இரண்டு வேளை என்றால் இரண்டாவதை சஹரோடுதான் குடிக்க வேண்டும். அது தைராய்டு மாத்திரைக்கு முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும். பகலெல்லாம் தண்ணீர் இல்லாததால் மலச்சிக்கலும் கூடும். இரண்டு வேளைப் பொடி குடிப்பவர்கள் ஷஃபான் மாதத்திலேயே சீட்டோடு மருத்துவரிடம் போய், நோன்பு நாட்களுக்கு அளவை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.