முற்றுப்புள்ளி வைத்தால் கோபமா?

டேட்டிங் செயலியில் அறிமுகமாகும் இருவர், நேரில் சந்திக்கும்வரை பெரும்பாலும் எழுத்திலேயே பழகுகிறார்கள். எதிரில் உட்கார்ந்து பேசினால், ஒருவர் சொன்னது கேலியா, வருத்தமா, வெட்கமா என்பது அவர் முகத்திலும் குரலிலும் தெரிந்துவிடும். சாட்டில் முகமும் இல்லை, குரலும் இல்லை. அவை செய்த வேலையை எமோஜியும் நிறுத்தற்குறிகளும் வாய்ஸ் நோட்டும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. மூன்றும் அதைச் செய்யும் விதம் வேறு, தவறிப்போகும் இடங்களும் வேறு.

எழுத்தில் தொனி எந்த அளவுக்குத் தொலைந்துபோகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் சொல்லச் சொன்னார்கள். குரலில் கேட்டவர்கள் ஏறக்குறைய 73 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்தார்கள். மின்னஞ்சலில் படித்தவர்களுக்கு அது 56 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே பாதி சரியாக வந்துவிடும். ஆனால் எழுதியவர்களோ, தாங்கள் சொன்னது முக்கால்வாசிக்கும் மேல் புரிந்திருக்கும் என்று நம்பினார்கள். காரணம் எளிது. எழுதும்போது எழுதுபவரின் காதில் அவருடைய குரலே ஒலிக்கிறது. படிப்பவருக்கு அந்தக் குரல் போய்ச் சேருவதில்லை. அவர் தன் மனநிலைக்கேற்ற ஒரு குரலைப் போட்டுப் படித்துக்கொள்கிறார். 

இந்த இடைவெளியில் அதிகம் சிக்கிக்கொள்வது முற்றுப்புள்ளி. கடிதத்திலும் கட்டுரையிலும் அது வாக்கியம் முடிந்ததைச் சொல்லும், அவ்வளவுதான். சாட்டில் ஒவ்வொரு செய்தியும் தனித்தனிக் கட்டத்தில் வருவதால், அனுப்பும் பொத்தானை அழுத்துவதே வாக்கியத்தை முடித்துவிடுகிறது. எனவே புள்ளி தேவையில்லாத ஒன்றாகிறது. தேவையில்லாத இடத்தில் ஒன்று வந்து நின்றால், அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று மனம் தேடத் தொடங்கும். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் சீலியா க்ளின் தலைமையில் நடந்து 2015 கடைசியில் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு அழைப்புக்கு வந்த ஒற்றைச் சொல் பதில்களை மாணவர்களுக்குக் காட்டினார்கள். புள்ளி வைத்த பதில், புள்ளி இல்லாத அதே பதிலைவிட மனமில்லாமல் சொன்னதாக அவர்களுக்குப் பட்டது. அதே பதில்களைக் கையால் எழுதிய குறிப்பாகக் காட்டியபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆக, புள்ளிக்குக் குளிர்ச்சி வந்தது இடத்தால்தான்.

நீளமாக எழுதும் செய்தியில் நடுவே வரும் புள்ளிகளை யாரும் கோபமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் புள்ளிதான் உறுத்துகிறது. அதிலும் எச்சரிக்கை வேண்டும். பல கைபேசி விசைப்பலகைகளில் இடைவெளிப் பட்டையை இருமுறை தட்டினால் புள்ளி தானாக விழும். அனுப்பியவருக்கே தெரியாத ஒரு புள்ளியை வைத்து மறுமுனையில் ஒருவர் இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருப்பது நடக்கக்கூடியதே.

தொடர் புள்ளிகளில் வயது குறுக்கே வருகிறது. இணைய மொழியைப் பற்றி கிரெட்சன் மெக்கல்லக் 2019-இல் எழுதிய ‘பிகாஸ் இன்டர்நெட்’ நூல் இதை விரிவாகப் பேசுகிறது. வாழ்த்து அட்டையும் கடிதமும் எழுதிப் பழகிய தலைமுறைக்கு ‘…’ என்பது ஒரு எண்ணத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே விடும் மூச்சு. சாட்டிலேயே வளர்ந்தவர்களுக்கு அது சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்று. நாற்பதைத் தாண்டியவர் இயல்பாக அனுப்பும் “சரி… பார்க்கலாம்…” என்பதை இருபத்தைந்து வயதுக்காரர் தயக்கமாகவோ மனத்தாங்கலாகவோ படிப்பார்.

தமிழ் சாட்டில் இன்னொரு அடுக்கும் உண்டு. தமிழில் தொனியைப் பாதிக்குமேல் சுமப்பவை சொல்லின் வால்கள். “வரேன்”, “வரேங்க”, “வரேன்டா”, “வரேன்ல” ஆகிய நான்கிலும் செய்தி ஒன்றுதான், உறவு வேறு. செயலியில் புதிதாகப் பழகும் இருவர் “நீங்க”வில் தொடங்குகிறார்கள். “நீ”க்கு இறங்குவது நெருக்கத்தின் அறிகுறி. திடீரென்று மறுபடி “நீங்க”வுக்கு ஏறினால் அது ஊடல். இந்த வால்கள் இருக்கும்வரை எமோஜிக்கு வேலை குறைவு. உரையாடல் ஆங்கிலத்துக்கு மாறி ‘ஓகே’, ‘கமிங்’ என்று சுருங்கும்போது வால்கள் உதிர்ந்துவிடும். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் சிரித்த முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

எமோஜியின் மூதாதை பிறந்ததும் இதே தேவையில்தான். 1982 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானி ஸ்காட் ஃபால்மன், அங்கிருந்தவர்கள் எழுதும் நகைச்சுவையைச் சிலர் நிஜம் என்று எடுத்துக்கொள்வதைப் பார்த்து, வேடிக்கைக்கு :-) என்றும் மற்றதற்கு :-( என்றும் குறியிடலாம் என முன்மொழிந்தார். 1999-இல் ஜப்பானின் டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெதாகா குரிதா 176 சிறு படங்களை வரைந்தார். 2010-இல் எமோஜிகள் யூனிகோட் தரத்தில் பெருமளவில் சேர்ந்தபின் உலகம் முழுக்கப் பரவின.

யூனிகோட் ஒவ்வொரு எமோஜிக்கும் எண்ணும் பெயரும் தருகிறது. படத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே வரைகிறது. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இதன் விளைவைச் சோதித்தார்கள். 😁 என்ற முகம் அப்போதைய ஆப்பிள் கைபேசியில் பல்லைக் கடிப்பதுபோலத் தெரிந்தது. வேறு கைபேசிகளில் மனம்விட்டுச் சிரித்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் வெளிவந்தது. ஒரே படத்தைப் பார்த்தவர்களுக்குள்ளேயே, அது நல்ல உணர்வா, கெட்ட உணர்வா, இரண்டும் இல்லையா என்பதில் நான்கில் ஒரு முறை கருத்து வேறுபாடு வந்தது. எமோஜி தொனியைச் சேர்க்கிறது என்பது உண்மை; எந்தத் தொனியைச் சேர்க்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 🙂 பெரியவர்களுக்குப் புன்னகை. இளையவர்கள் பலருக்கு அது பல்லைக் கடித்துக்கொண்டு காட்டும் பொறுமை. 👍 அலுவலகக் குழுவில் ஒப்புதல். ஆசையாக எழுதிய நான்கு வரிக்குப் பதிலாக வந்தால் கதவைச் சாத்துவது.

எமோஜி பயன்படுத்துவோருக்குக் காதல் கைகூடுகிறதா என்ற கேள்வியும் ஆராயப்பட்டிருக்கிறது. கின்சி நிறுவனத்தின் அமாண்டா கெசெல்மனும் சக ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், துணை தேடுவோரில் எமோஜியை அதிகம் அனுப்புகிறவர்கள் அதிக முதல் சந்திப்புகளுக்குப் போனதாகத் தெரிந்தது. இதைக் காரணமும் விளைவுமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உணர்வை வெளிப்படையாகக் காட்டுகிறவர்கள் எமோஜியும் அதிகம் அனுப்புவார்கள், சந்திக்கவும் அதிகம் முன்வருவார்கள்.

ஒரு குறியைத் தனியே எடுத்துப் பொருள் சொல்ல முடியாது. அவர் வழக்கமாக எழுதும் விதத்திலிருந்து என்ன மாறியது என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஒரு எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். மூன்று வாரமாகப் பேசிவரும் இருவர் சனிக்கிழமை கோவையில் சந்திப்பதாக ஏற்பாடு. வெள்ளி இரவு அவர் எழுதுகிறார்: “நாளைக்கு வர முடியாதுபோல, ஆபீஸ்ல வேலை வந்துடுச்சு 😅 அடுத்த வாரம் பாக்கலாமா”. பதில் வருகிறது: “சரி.”

அந்தப் பெண் வழக்கமாக எழுதுவது “சரிங்க 😄”. இப்போது மூன்று மாற்றங்கள்: ‘ங்க’ போயிற்று, சிரிப்பு போயிற்று, புள்ளி வந்தது. ஒன்று மட்டும் மாறியிருந்தால் அவசரம் என்று விடலாம். மூன்றும் சேர்ந்து மாறினால் ஏதோ இருக்கிறது. கோளாறு தொடங்கியது அவருடைய 😅-இல். சங்கடத்தைக் காட்டத்தான் அதைப் போட்டார். சந்திப்புக்காக விடுமுறை எடுத்திருந்தவருக்கோ, தன் நாள் வீணானதைச் சிரித்துக்கொண்டு சொல்வதாகப் பட்டது. அடுத்து அவர் “கோவமா??” என்று கேட்கிறார். இரட்டைக் கேள்விக்குறி அக்கறையை விசாரணையாக்கிவிடுகிறது. “இல்ல.” என்று பதில். இப்படியே எழுதிக்கொண்டுபோனால் ஒவ்வொரு குறியும் அடுத்த சந்தேகத்துக்குச் சாட்சியாகும். அவர் எழுதுவதை நிறுத்தி, இருபது நொடி வாய்ஸ் நோட் ஒன்று அனுப்புகிறார்: “சாரிங்க, நீங்க லீவு போட்டது எனக்குத் தெரியும். மேனேஜர் இப்பதான் சொன்னார். ஞாயித்துக்கிழமை காலையில நானே கிளம்பி வரேன், சரியா?” சற்று நேரத்தில் பதில் வருகிறது: “கோவம் இருந்துச்சுதாங்க. ஞாயிறு வாங்க, பேசிக்கலாம்”. இதிலும் எமோஜி இல்லை. ஆனால் ‘ங்க’ திரும்பிவிட்டது, கோபமும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டுவிட்டது.

அந்த வாய்ஸ் நோட் செய்ததை எந்த எமோஜியாலும் செய்ய முடியாது. குரலில் ஏற்ற இறக்கம், வேகம், தயக்கம், மூச்சு எல்லாம் சொல்லோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றைப் பேசுபவர் பொறுக்கி எடுத்து வைப்பதில்லை. குரலால் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று மனிதர்கள் எண்ணிக்கொள்வதும் அளவுக்கு மீறியது. அமித் குமாரும் எப்லியும் நடத்திய ஆய்வில், பழைய நண்பரோடு தொலைபேசியில் பேசியவர்கள், மின்னஞ்சல் எழுதியவர்களைவிட அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். எதிர்பார்த்த சங்கடம் வரவில்லை. அது நேரடி உரையாடல். வாய்ஸ் நோட் ஒருவழிப் பேச்சு என்பதால் அந்த முடிவு முழுமையாக இதற்குப் பொருந்தாது, குரலின் பங்கு பொருந்தும்.

வாட்ஸ்ஆப் 2013-இல் கொண்டுவந்த இந்த வசதிக்குத் தனித் தொல்லைகள் உண்டு. எழுத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தும் படிக்கலாம். வாய்ஸ் நோட்டை அங்கே ஸ்பீக்கரில் போட முடியாது. ஹெட்போன் கிடைக்கும்வரை அது கேட்கப்படாமல் கிடக்க, அனுப்பியவர் அந்தத் தாமதத்தை அலட்சியம் என்று படிப்பார். நீளம் அடுத்த தொல்லை. அரை நிமிடம் நெருக்கம். புதிதாகப் பழகுபவரிடமிருந்து வரும் ஐந்து நிமிடப் பதிவு கேட்பவரின் நேரத்தைக் கேட்காமல் எடுத்துக்கொள்கிறது. அதனால் பலர் இரட்டை வேகத்தில் ஓடவிடுகிறார்கள். அப்போது தயக்கமும் இடைநிறுத்தமும் பாதியாகச் சுருங்கி, மென்மையாகச் சொன்னதும் படபடப்பாக ஒலிக்கும். குரல் பதிவைச் சேமிக்கவும் பிறருக்கு அனுப்பவும் முடியும் என்பதால், பழகத் தொடங்கியவுடனேயே அந்தரங்கத்தைக் குரலில் பேசிவைப்பது பாதுகாப்பானது அல்ல.

2024 கடைசியில் வாட்ஸ்ஆப், குரல் பதிவை எழுத்தாக மாற்றிக் காட்டும் வசதியைச் சில மொழிகளில் தொடங்கியது. கூட்டத்தில் இருப்பவருக்கு அது உதவும். ஆனால் அதில் வருவது சொற்கள் மட்டுமே. தொனி வேண்டுமென்றால் பதிவைக் கேட்கத்தான் வேண்டும், அதுவும் இயல்பான வேகத்தில்.