சேமிப்பு இரட்டிப்பாக எத்தனை ஆண்டு?

பிள்ளைகளின் பெயரில் நாம் வங்கியில் வைப்பிலிடும் பணம் எப்போது இரட்டிப்பாகும்? 72ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். ஆண்டுக்கு 3 வீதக் கூட்டுவட்டி என்றால் 24 ஆண்டுகள். பள்ளியில் படித்த மடக்கையைக் கொண்டு இன்னும் திருத்தமாகக் கணக்கிடலாம்:

log 2 ÷ log 1.03 = 0.3010 ÷ 0.01284 ≈ 23.4

வித்தியாசம் அரை ஆண்டளவுதான். 8 வீத வட்டியில் இரண்டு வழியிலும் 9 ஆண்டுகளே வரும்.

ஆனால் வட்டியை ஆண்டுதோறும் எடுத்துச் செலவழித்தால் இந்தக் கணக்குப் பொருந்தாது. அப்போது முதலுக்குச் சமமான வட்டி சேர 33 ஆண்டுகளுக்கு மேலாகும்.

விலைவாசியையும் மறக்கலாகாது. அது ஆண்டுக்கு 2 வீதம் ஏறினால் நமக்கு மிஞ்சும் உண்மையான வளர்ச்சி ஏறத்தாழ 1 வீதமே. 24 ஆண்டுகளில் தொகை இரட்டிப்பானாலும், அதைக்கொண்டு இருமடங்கு பொருள் வாங்க 71 ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டும்.