டொக்கும் சத்தமும்: ஒரு ஃப்ரிட்ஜ் புகாரை எழுதுவது எப்படி

ஆன்லைனில் வாங்கிய ஃப்ரிட்ஜ் டொக்கு விழுந்து வந்தால் பெரும்பாலானவர்கள் எழுதும் புகார் இரண்டு வரிதான்: "ஃப்ரிட்ஜ் டேமேஜ் ஆகி வந்திருக்கு, சத்தமும் ரொம்ப வருது, உடனே மாத்திக் கொடுங்க." இதற்கு வரும் பதிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டொக்கு வெறும் அழகு சம்பந்தப்பட்டது, அதற்குக் கொஞ்சம் பணம் கழித்துத் தருகிறோம். சத்தம் உற்பத்தி நிறுவனத்தின் வாரண்டியில் வரும், சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள். அதாவது ஒரு புகாரை இரண்டாக உடைத்து, இரண்டையும் சின்னதாக்கி விடுவார்கள். மாற்றித் தருவது என்ற பேச்சே இதில் காணாமல் போய்விடும்.

அச்சங்குளத்தில் அக்கா வீட்டுக்கு வந்த 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்காக நான் இந்த வேலையில் இறங்கினேன். விற்ற தளத்தின் பெயர் இங்கே தேவையில்லை, எல்லா இடத்திலும் நடைமுறை இதே மாதிரிதான். டொக்கையும் சத்தத்தையும் பிரிக்க முடியாதபடி எழுதுவது எப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு. அதற்கு முதலில் கம்ப்ரஸருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஃப்ரிட்ஜின் பின்னால் கீழே தெரியும் கறுப்பு உருண்டை வெறும் கூடு. அதற்குள் மோட்டாரும் பம்பும் ஒரே துண்டாக, மூன்று நான்கு ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும். கூட்டின் அடியில் மசகு எண்ணெய். ஓடும்போது ஏற்படும் அதிர்வு வெளியே வராமல் இந்த ஸ்பிரிங்குகள் பார்த்துக்கொள்கின்றன. ஃப்ரிட்ஜை லாரியில் படுக்கப் போட்டாலோ இறக்கும்போது ஒரு மூலையில் விழுந்தாலோ, உள்ளே இருக்கும் கனமான துண்டு ஒரு பக்கமாக இழுபட்டு ஸ்பிரிங் விலகலாம், வளையலாம். அதன்பிறகு ஓடும்போதெல்லாம் அந்தத் துண்டு கூட்டின் சுவரில் இடிக்கும். 'டக் டக்' என்று உலோகத்தில் தட்டுகிற சத்தம் அதுதான். கூட்டைப் பற்றவைத்து மூடியிருப்பதால் இதை வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது. கம்ப்ரஸரையே வெட்டி எடுத்து, வேறு வைத்து, கேஸ் ஏற்ற வேண்டும். புது ஃப்ரிட்ஜுக்கு யார் இதைச் செய்துகொள்வார்கள்?

டொக்குக்கும் இதே மாதிரி ஒரு பின்கதை உண்டு. பழைய ஃப்ரிட்ஜ்களில் பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை தெரியும், சூட்டை வெளியே விடும் கண்டென்ஸர் குழாய் அது. இப்போது வரும் பல மாடல்களில் அந்தக் குழாயைப் பக்கவாட்டுத் தகட்டுக்கு உள்ளே ஒட்டிவிடுகிறார்கள். ஓடும்போது பக்கச் சுவர் சூடாக இருப்பது அதனால்தான். அப்படிப்பட்ட சுவரில் ஆழமாக டொக்கு விழுந்தால் உள்ளே குழாய் நசுங்கியிருக்கலாம். கேஸ் போகும் பாதை சுருங்கினால் கம்ப்ரஸர் கூடுதல் அழுத்தத்தோடு மல்லுக்கட்டி, நிற்காமல் ஓடும். ஆகவே பக்கச் சுவர் டொக்கை அழகுப் பிரச்சினை என்று தள்ள முடியாது. கதவில் மட்டும் டொக்கு என்றால் இந்த வாதம் செல்லாது. கதவுக்குள் இருப்பது பெரும்பாலும் ஃபோம்தான்.

சரி, வருகிற சத்தம் பழுதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லா ஃப்ரிட்ஜும் சத்தம் போடும். தண்ணீர் ஓடுவது போல் குளுகுளுவென்பது கேஸ் கொதிப்பது. எப்போதாவது 'டிக்' என்பது ரிலேயோ தெர்மோஸ்டாட்டோ. பிளாஸ்டிக் சுருங்கும்போது 'பட்' என்று கேட்கும். நிற்கும் நேரத்தில் ஒருமுறை லேசாகக் குலுங்குவதும் வழக்கம். இவற்றுக்காகப் புகார் எழுதினால் வருகிற மெக்கானிக் "நார்மல்" என்று எழுதிவிட்டுப் போவார், அதோடு கேஸ் முடிந்தது. ஓடும் நேரம் முழுக்க விடாமல் வரும் உலோகத் தட்டல்தான் நமக்கு முக்கியம்.

அதிலும் மூன்று சந்தேகங்களை முதலில் நாமே தீர்த்துவிட வேண்டும். ஒன்று, தரை மட்டம்: நான்கு கால்களும் ஊன்றி, ஆடாமல் நிற்கிறதா, பின்சுவரில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், அடியில் பேக்கிங் தெர்மோகோல் மிச்சம் இருக்கக் கூடாது. இரண்டு, பின்னாலுள்ள செம்புக் குழாய் தகட்டில் உரசுகிறதா. ஓடும்போது கம்ப்ரஸர் தாங்கியிருக்கும் அடித்தகட்டை ஒரு மரக்கட்டையால் லேசாக அழுத்தினால் போதும் (குழாயைத் தொடாதீர்கள், சூடாக இருக்கும்). அழுத்தியதும் சத்தம் நின்றால் அது வெளியே உரசும் சத்தம். நிற்காவிட்டால் கூட்டுக்குள் இருந்து வருகிறது. மூன்று, வோல்டேஜ். நம்ம பக்கத்தில் இதைத்தான் முதலில் சொல்வார்கள். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் 'ம்ம்ம்' என்று முனகி, சில நொடியில் 'டிக்' என்று ஓவர்லோட் துண்டிக்கும், சில நிமிடம் கழித்து மறுபடி முனகும். விடாத தட்டலுக்கும் இதற்கும் வித்தியாசம் காதிலேயே தெரியும். ஆனாலும் மல்டிமீட்டரை வைத்து அளந்து எண்ணை எழுதிவைப்பது நல்லது. அக்கா வீட்டில் இரவு 8 மணிக்கு 224 வோல்ட் இருந்தது.

இன்னொரு கேள்வியும் வரும். படுக்க வைத்துக் கொண்டுவந்த ஃப்ரிட்ஜில் எண்ணெய் குழாய்க்குள் ஏறியிருக்கலாம், ஓட ஓட அது கூட்டுக்குத் திரும்பிவிடும். டெலிவரி கொடுத்த பையனும் அதையே சொன்னான்: "புதுசுக்கா, ரெண்டு நாள் ஓடுனா சரியாயிரும்." அவன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. எண்ணெயால் வரும் சத்தம் நேரமாக ஆகக் குறையும், ஸ்பிரிங் போன சத்தம் குறையாது. எனவே ஒரே இடத்திலிருந்து இரண்டு பதிவு எடுக்க வேண்டும்: நேராக நிறுத்தி, சில மணி நேரம் விட்டு, முதலில் ஓடவிட்டபோது ஒன்று, 24 மணி நேரம் கழித்து ஒன்று.

பதிவு எடுப்பதில் நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உதவும். பட்டாசுக்கான சத்த வரம்பு 125 டெசிபல் என்று எல்லோரும் சொல்வோம், ஆனால் விதியில் அது வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் அளந்தது என்று சேர்த்தே இருக்கிறது. தொலைவு சொல்லாத டெசிபலுக்கு அர்த்தமில்லை. போனில் உள்ள டெசிபல் ஆப்கள் அளவு சரிபார்க்கப்பட்டவையும் அல்ல, அதனால் "65 டெசிபல் வருது" என்று எழுதினால் சுலபமாக மறுத்துவிடுவார்கள். அதற்குப் பதில் போனை 1 மீட்டரில் ஒரு ஸ்டூலில் வைத்து, ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜ் ஓடும்போது ஒரு நிமிடம், நின்றபின் அரை நிமிடம் என ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும். அதே ஆப், அதே இடம், இரண்டு நிலைக்கும் உள்ள வித்தியாசம்: இதை மறுப்பது கஷ்டம்.

இவ்வளவும் கையில் இருந்தால் மின்னஞ்சல் தானாக வந்துவிடும். மென்பொருள் வேலையில் பக் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரிதான். அனுப்பியது ஆங்கிலத்தில், சாரம் இது:

"பொருள்: ஃப்ரிட்ஜ், போக்குவரத்தில் சேதம், கம்ப்ரஸர் பழுது, மாற்றித் தரக் கோரிக்கை (ஆர்டர் எண், மாடல், சீரியல் எண்).

மேற்கண்ட ஃப்ரிட்ஜ் நேற்று மாலை அச்சங்குளம் முகவரியில் கிடைத்தது. பெட்டியின் பின்பக்கக் கீழ்மூலை நசுங்கியிருந்தது (படம் 1). அதே மூலையில் ஃப்ரிட்ஜின் அடித்தகடு வளைந்துள்ளது (படம் 2). வலது பக்கச் சுவரில், தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் உள்ளங்கை அகல டொக்கு உள்ளது (படம் 3).

கம்ப்ரஸர் ஓடும் நேரம் முழுக்க உலோகத் தட்டல் கேட்கிறது. மட்டமான தரை, 224 வோல்ட், 24 மணி நேரம் ஓடியபிறகும் மாறவில்லை (வீடியோ 1, 2). சேதமும் சத்தமும் கம்ப்ரஸர் இருக்கும் அதே மூலையில் இருப்பதால் இரண்டும் ஒரே விழுகையின் விளைவு என்று கருதுகிறேன்.

பழுதுபார்ப்பதையோ பகுதித் தொகையையோ ஏற்கவில்லை. வேறு புதிய ஃப்ரிட்ஜ் தரவும். இயலாவிட்டால் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தரவும். இந்தப் புகாருக்கான எண்ணை 48 மணி நேரத்துக்குள் அனுப்பவும்."

கடைசிப் பத்தியில் ஒவ்வொரு வார்த்தைக்கும் காரணம் உண்டு. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் சாட்டில் பேசியதோடு நிற்காமல், தளத்தில் பெயர் போட்டிருக்கும் அந்த அலுவலரின் முகவரிக்கே அனுப்புங்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. கவனியுங்கள், அந்த இடத்தில் மாற்றித் தருவது பற்றிப் பேச்சில்லை. அது விற்பவரின் சொந்தக் கொள்கையில், பெரும்பாலும் 7 அல்லது 10 நாள் கெடுவோடு வருவது. ஆகவே மாற்றை மட்டும் கேட்டால் "ஸ்டாக் இல்லை" என்ற ஒரே பதிலில் மாட்டிக்கொள்வோம். பணத்தையும் சேர்த்துக் கேட்டால் விதி நம் பக்கம் நிற்கும்.

அடுத்து மெக்கானிக்கை அனுப்புவார்கள். பார்க்க விடுங்கள், பிரிக்க விடாதீர்கள். ஒருமுறை பழுதுபார்த்துவிட்டால் இனி அது வாரண்டி விவகாரம் என்று விற்றவர் ஒதுங்கிக்கொள்வார். பார்த்ததை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்கி, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா வீட்டுக்கு வந்தவர் நல்ல மனுஷன், வளைந்த தகட்டைப் பார்த்ததுமே "இது கீழ விழுந்த பீஸுக்கா" என்றார். அதையே எழுதித் தரச் சொன்னதும் கொஞ்சம் தயங்கிவிட்டு, 'டிரான்ஸிட் டேமேஜ், கம்ப்ரஸர் சத்தம்' என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் படம் வீடியோ எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரிதான் வேலை செய்தது. நடுவில் ஒரு கூப்பன் தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்று அதே மின்னஞ்சல் தொடரிலேயே பதில் போட்டேன். 13ஆம் நாள் வேறு ஃப்ரிட்ஜ் வந்தது.

வராமல் போயிருந்தால்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம். அது சமரசத்துக்கான இடம், உத்தரவு போடும் அதிகாரம் அதற்கில்லை. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பெங்களூருக்கோ டெல்லிக்கோ ஓட வேண்டாம். விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பழுதான பொருளுக்குப் பதில் புதியது கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அங்கே போனாலும் முதலில் கேட்பது இந்த மின்னஞ்சலையும் ஜாப் ஷீட்டையும்தான்.

கடைசியாக ஒன்று. மாற்று வந்து சேரும்வரை பெட்டியையும் தெர்மோகோலையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நசுங்கிய மூலை அந்த அட்டையில்தான் இருக்கிறது.