மழை நாளையும் வரைபட நாளையும் கூட்டலாமா?

வீடு கட்டித் தரும் காண்ட்ராக்டர் கூடுதல் அவகாசம் கேட்டு எழுதும் கடிதம், பல நேரம் "தொடர்மழை காரணமாக ஒரு மாதம் தேவை" என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகிறது. அக்டோபரில் பருவமழை வரும் என்பது ஒப்பந்தம் போடும்போதே தெரியாதா என்று வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். மழையால் எந்த வேலை, எந்தத் தேதியில் நின்றது என்பதைக் கடிதம் சொல்லியாக வேண்டும்.

ஜனவரி 15-க்குள் முடிக்க வேண்டிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மேல்தளத்துக்கான கம்பி வரைபடத்தை வீட்டுக்காரர் அமர்த்திய பொறியாளர் அக்டோபர் 10-ல் தந்திருக்க வேண்டும், தந்தது 28-ல். தாமதம் 18 நாள். அக்டோபர் 22 முதல் நவம்பர் 5 வரை விடாத மழை, 15 நாள். இரண்டையும் கூட்டி 33 நாள் கேட்கத் தோன்றும். அங்கேதான் கடிதம் வலுவிழக்கிறது. அக்டோபர் 22 முதல் 28 வரையிலான 7 நாளும் இரண்டு கணக்கிலும் வருகின்றன. ஒரு நாளை இரண்டு முறை இழக்க முடியாது. அக்டோபர் 11 முதல் நவம்பர் 5 வரை உண்மையில் நின்றது 26 நாள்தான்.

அந்த நாள்களில் கீழே உட்பூச்சு நடந்திருக்கலாமே என்ற கேள்வியும் வரும். நடந்திருந்தால் அதையும் எழுதிவிடுவதே நல்லது. தளம் போடாமல் மாடி வேலை எதுவும் நகராது என்பதால், கீழே பூசியது முடிவுத் தேதியை மீட்டுத் தராது.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, வணக்கம். மேல்தள வரைபடம் அக்டோபர் 28-ல்தான் கைக்கு வந்தது. அப்போது பெய்துகொண்டிருந்த மழை நவம்பர் 5 வரை விடாததால் சென்ட்ரிங் வேலையைத் தொடங்க முடியவில்லை. தேங்கிய நீரை இறைத்து, கம்பியில் ஏறிய துருவைத் தேய்க்க மேலும் 2 நாள் ஆயின. ஆக 28 நாள் சேர்த்து, முடிக்கும் தேதியை பிப்ரவரி 12 ஆக மாற்றித் தர வேண்டுகிறேன். தினசரி வேலைப் பதிவேட்டின் நகலும் தேதியிட்ட படங்களும் இணைத்துள்ளேன்."

இதில் பணம் பற்றிய பேச்சு இல்லை. மழை இருவர் கையிலும் இல்லாதது, எனவே அதற்கு நாள் மட்டும் கேட்பதே வழக்கம். வரைபடத் தாமதம் வீட்டுக்காரர் தரப்பில் நேர்ந்தது. அந்த நாள்களில் சும்மா கிடந்த சென்ட்ரிங் சாமானுக்கு வாடகை கொடுத்திருந்தால், அதை ரசீதுடன் தனியாகக் கேட்கலாம்.

கடிதத்தை ஜனவரியில் எழுதுவதைவிட, மழை விட்ட அந்த வாரமே கொடுத்துவிட வேண்டும். பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 63-வது பிரிவுப்படி வீட்டுக்காரர் காலத்தை நீட்டித் தரலாம். அவர் தரப்பிலும் ஒரு கவனம் தேவை. காலக்கெடு முக்கியம் என்று வகுத்த ஒப்பந்தமாக இருந்து, தாமதமான வேலையை ஏற்கும்போது இழப்பீடு கேட்கப்போவதாக அறிவிக்காவிட்டால், 55-வது பிரிவின்படி அந்தத் தாமதத்துக்குப் பின்னால் இழப்பீடு கேட்க முடியாது.